உயிர் கொடுத்தவன் கணவன் ஆவானா?

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் ஊர்வலம் எட்டாம் நாள் பிற்பகலில் நடைபெறுகிறது. அதைக் காண ஊரே திரளும். ஆனால், அதே நாள் காலையில் நடக்கும் மற்றொரு நிகழ்வு அவ்வளவு பெரிய கூட்டத்தை ஈர்ப்பதில்லை. இறந்துபோன பூம்பாவை என்ற சிறுமியை ஞானசம்பந்தர் உயிர்ப்பித்த வரலாறு அப்போது நடித்துக் காட்டப்படுகிறது. குடத்தில் இருந்த எலும்பும் சாம்பலும் பெண்ணாக எழுந்த கதை அது.

அங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள தியாகராய நகர்ப் புத்தகக் கடைகளில் குழந்தைகளுக்கான அடுக்குகளைப் பாருங்கள். உறங்கும் அழகி, பனி வெண்மணி என்று அங்கும் உயிரற்றோ உயிரற்றது போலவோ கிடந்து மீண்டெழும் பெண்களின் கதைகள்தாம். கரு ஏறத்தாழ ஒன்றே. ஆனால், எழுப்பியவனுக்கும் எழுந்தவளுக்கும் அதன் பிறகு என்ன உறவு என்ற கேள்விக்கு இக்கதைகள் தரும் விடைகள் வேறுவேறு. காதலைப் பற்றிக் குழந்தை கற்கும் முதற்பாடம் அந்த விடையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பொருளியல் கற்பித்தவன் என்பதால், எந்தப் பரிவர்த்தனையிலும் இறுதியில் யாருக்கு எது போய்ச் சேருகிறது என்று பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. கதையின் முடிவும் ஒருவகைப் பங்கீடுதான்.

முதலில் ஐரோப்பியக் கதையை எடுத்துக்கொள்வோம். உறங்கும் அழகியின் கதை இன்று நாம் அறிந்த வடிவில் தொடங்கவில்லை. இத்தாலியின் ஜம்பத்திஸ்தா பசீலே தொகுத்த கதைகள் அவர் மறைவுக்குப் பின் 1634 முதல் 1636 வரை வெளிவந்தன. அதில் தாலியா என்ற பெண் உறக்கத்தில் கிடக்கிறாள். அவளைக் காணும் அரசன் ஏற்கெனவே மணமானவன். அவன் அவளை எழுப்புவதில்லை; உறங்குபவளை வன்புணர்ந்துவிட்டுத் தன் நாட்டுக்குப் போய்விடுகிறான். உறக்கத்திலேயே அவளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. குழந்தைகளுள் ஒன்று அவளது விரலைச் சப்பும்போது, அதில் ஏறியிருந்த சணல் சிம்பு வெளிவர, அவள் விழிக்கிறாள். இக்கொடுமை நிறைந்த கதையும் திருமணத்தில்தான் முடிகிறது.

பிரான்சின் சார்ல் பெரோ 1697இல் இக்கதையை அரசவைக்கு ஏற்றவாறு மாற்றினார். அவரது இளவரசன் பெண்ணின் அருகே மண்டியிடுகிறான். சாபத்தின் நூறாண்டுகள் அந்த நேரத்தில் நிறைவடைவதால் அவள் விழிக்கிறாள். அங்கே முத்தம் இல்லை. அவன் அவளைக் காப்பாற்றியதாகவும் சொல்ல முடியாது. உரிய நேரத்தில் வந்து சேர்ந்தவன், அவ்வளவே. பெரோவின் கதை திருமணத்தோடு நிற்கவும் இல்லை. இளவரசன் இரண்டாண்டு காலம் மணத்தைத் தன் பெற்றோரிடமிருந்து மறைக்கிறான். இரண்டு குழந்தைகள் பிறக்கின்றன. தந்தை இறந்து அரசனான பிறகே மனைவியை அரண்மனைக்கு அழைத்து வருகிறான். அவன் போருக்குச் சென்றதும், அரக்கர் குலத்தவளான மாமியார் பேரப்பிள்ளைகளையும் மருமகளையும் சமைத்துத் தரச் சொல்கிறாள். சமையற்காரன் ஆட்டையும் மானையும் சமைத்து வைத்து அவர்களைக் காப்பாற்றுகிறான். திருமணத்துக்குப் பின்னும் வாழ்க்கை உண்டு, அதில் கணவனின் கோழைத்தனம் உண்டு, மாமியார் உண்டு என்பதைப் பெரோ மறைக்கவில்லை.

ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட தொகுப்பில்தான் முத்தம் வருகிறது. திருமணத்தோடு கதையும் முடிகிறது. மாமியார் பகுதி அத்தொகுப்பின் முதற்பதிப்பில் தனியொரு துண்டுக்கதையாக இடம்பெற்றுப் பின்வந்த பதிப்புகளில் நீக்கப்பட்டது. பனி வெண்மணி கதையில் கிரிம் சகோதரர்கள் முத்தத்தை வைக்கவில்லை. இளவரசன் கண்ணாடிப் பேழையோடு அவளை எடுத்துச் செல்கிறான். சுமப்பவர் கால் இடறப் பேழை குலுங்கி, தொண்டையில் சிக்கிய நச்சு ஆப்பிள் துண்டு வெளியே வந்துவிடுகிறது. அங்கே முத்தத்தைச் சேர்த்தது 1937இல் வெளிவந்த வால்ட் டிஸ்னியின் திரைப்படம்.

இந்த மூன்று நூற்றாண்டுப் பயணத்தில் நடந்தது என்ன? ஒவ்வொரு படியிலும் கதை தூய்மையாகிறது, குறுகுகிறது. திருமணத்துக்குப் பின்னுள்ள காலம் வெட்டப்படுகிறது. தற்செயலாக வந்தவன் மீட்பனாக உயர்கிறான். இறுதியில் குழந்தைக்குக் கிடைப்பது ஒரு சுருக்கமான விதி: எழுப்பியவனுக்கே எழுந்தவள் உரியவள். அதன் பிறகு என்றென்றும் இன்பம்.

அமெரிக்கரான மார்சியா லீபர்மன் 1972இல் எழுதிய கட்டுரையொன்றில், இக்கதைகளில் அழகும் அசையாமையும் சேர்ந்த பெண்ணுக்கே பரிசு கிடைக்கிறது என்றும், பெண் குழந்தைகள் காத்திருத்தலையே தகுதியாகக் கற்கிறார்கள் என்றும் வாதிட்டார். அது சரியான வாதம், ஆயினும் பாதிதான். அந்த விதியின் மறுபாதியை ஆண் குழந்தைகள் கற்கிறார்கள். உதவி செய்தால் உரிமை பிறக்கும் என்பதே அது. நம் திரைப்படங்களில் முரடர்களிடமிருந்து கதாநாயகியைக் காப்பாற்றியவனுக்கு அடுத்த பாடலில் அவள் காதலும் கிடைத்துவிடுவது இதே விதியின் நீட்சிதான்.

நான் பணியாற்றிய கல்லூரியில் ஒரு மாணவன் உடன்பயின்ற பெண்ணுக்கு ஓராண்டு முழுவதும் பாடக்குறிப்புகள் எழுதிக் கொடுத்தான். ஒருமுறை தேர்வுக் கட்டணமும் கட்டினான். அவள் நன்றி சொன்னாள், காதல் சொல்லவில்லை. “இவ்வளவு செஞ்சேனே சார், அவ எப்படி மாட்டேன்னு சொல்லலாம்?” என்று என்னிடம் கேட்டபோது, அவன் கண்ணில் உண்மையான திகைப்பு இருந்தது. அவன் கெட்டவன் அல்லன். தான் அறிந்த விதிப்படி கணக்கை நேர்செய்ய வந்தவன். அந்த விதியில் நன்றிக்கடனைத் தீர்க்கும் நாணயம் பெண்தான் என்பதை அவனுக்கு எவரும் எடுத்துச் சொன்னதில்லை. இந்தத் திகைப்பு எல்லோரிடமும் திகைப்பாகவே நின்றுவிடுவதில்லை. சிலரிடம் சினமாகவும் மாறுகிறது என்பதை நம் செய்தித்தாள்களைப் படிப்பவர்கள் அறிவார்கள்.

இனி நம் பக்கத்துக் கதைகளுக்கு வருவோம். பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்தின் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில் வேதாளம் சொல்லும் கதைகள் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் ஒன்று மந்தாரவதி என்ற பெண்ணின் கதை. மூன்று இளைஞர்கள் அவளை மணக்க விரும்பி அவள் வீட்டிலேயே காத்துக் கிடக்கிறார்கள். ஒருவனுக்குக் கொடுத்தால் மற்ற இருவரும் உயிர்விடுவார்களே என்று அஞ்சிய தந்தை எவருக்கும் கொடுக்கவில்லை. திடீரெனக் காய்ச்சல் கண்டு அவள் இறந்துபோகிறாள். ஒருவன் சுடுகாட்டிலேயே குடிலமைத்து, அவளது சாம்பலின் மீதே படுத்துக் கிடக்கிறான். இரண்டாமவன் எலும்புகளைக் கங்கையில் சேர்க்கச் செல்கிறான். மூன்றாமவன் துறவியாகி ஊர்சுற்றும்போது, இறந்தவரை எழுப்பும் மந்திரம் கொண்ட சுவடி ஒன்று அவனுக்கு அகப்படுகிறது. அவன் திரும்பி வந்து மந்திரம் சொல்ல, மந்தாரவதி எழுகிறாள். மூவரும் அவளுக்காகச் சண்டையிடுகிறார்கள். அவள் யாருக்கு மனைவி என்று வேதாளம் கேட்கிறது.

ஐரோப்பியக் கதையின் விதிப்படி விடை எளிது. மந்திரம் சொன்னவனுக்கே அவள். விக்கிரமன் சொல்லும் விடையோ வேறு. உயிர் கொடுத்தவன் செய்தது தந்தையின் செயல். எலும்பைக் கங்கைக்குக் கொண்டுசென்றவன் செய்தது மகனின் கடமை. அவளது சாம்பலைப் பிரியாமல் கிடந்தவனே கணவன். வல்லமைக்கும் உடனிருத்தலுக்கும் இடையே இக்கதை கோடு கிழிக்கிறது. அரிய செயலைச் செய்தவனுக்கு மரியாதை உண்டு, ஆனால் அந்தச் செயலே அவனைக் கணவன் ஆக்கிவிடாது.

என் தலைமுறையினர் வேதாளத்தைச் சந்தித்தது வடபழனியிலிருந்து வெளிவந்த ‘அம்புலிமாமா’ இதழின் வழியாக. 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கப்பட்ட அந்த இதழில், மாதந்தோறும் வேதாளம் ஒரு கதை சொல்லும், இறுதியில் ஒரு கேள்வி கேட்கும். விக்கிரமன் விடை சொன்னதும் அது மீண்டும் மரத்துக்கே போய்விடும். இந்த வடிவத்தின் பயன் அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. “இன்பமாக வாழ்ந்தார்கள்” என்ற முடிவைக் கேட்ட குழந்தை தூங்கப் போகும். “இது நியாயமா?” என்ற முடிவைக் கேட்ட குழந்தை யோசிக்கும், உடன்பிறந்தாரோடு வாதிடும், விக்கிரமன் சொன்னது தவறு என்றுகூடச் சொல்லும்.

இனி மயிலாப்பூர். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணம் இக்கதையைச் சொல்கிறது. மயிலாப்பூர் வணிகர் சிவநேசர், தம் மகள் பூம்பாவையையும் தம் செல்வத்தையும் ஞானசம்பந்தருக்கே உரியவை என்று அறிவித்துவிடுகிறார். அப்போது அவள் சிறு குழந்தை; சம்பந்தரோ அவளைக் கண்டதும் இல்லை. ஏழாம் வயதில் பூப்பறிக்கச் சென்றவளைப் பாம்பு தீண்டுகிறது. கிரிம் சகோதரர்களின் பனி வெண்மணியும் மாற்றாந்தாயின் பொறாமைக்கு ஆளாகும்போது ஏழு வயதுச் சிறுமிதான் என்பது ஒரு வியப்பான ஒற்றுமை. சிவநேசர் மகளின் எலும்பையும் சாம்பலையும் குடத்தில் இட்டுக் கன்னிமாடத்தில் காத்து வருகிறார். திருவொற்றியூருக்கு வந்திருந்த சம்பந்தர் இதனைக் கேள்வியுற்று மயிலாப்பூர் வருகிறார். குடத்தைக் கோயில் மதிலுக்கு வெளியே கொணரச் செய்து பதிகம் பாடுகிறார். பன்னிரண்டு வயதுப் பெண்ணாகப் பூம்பாவை எழுகிறாள்.

அந்தப் பதிகத்தில் சம்பந்தர் பெண்ணின் அழகைப் பாடவில்லை. ஓணம், கார்த்திகை, திருவாதிரை, தைப்பூசம் என மயிலையின் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றையெல்லாம் காணாமல் போய்விடுவாயா என்று அவளிடம் கேட்கிறார். ஒரு மணமகனுக்காக எழுந்து வா என்பதன்று அந்த அழைப்பு. ஊரின் வாழ்வுக்குத் திரும்பி வா என்பதே அது.

அதன் பிறகுதான் நம் கேள்விக்கான இடம் வருகிறது. மகளை ஏற்றுக்கொள்ளுமாறு சிவநேசர் வேண்டுகிறார். சம்பந்தர் மறுக்கிறார். நீர் பெற்ற மகள் பாம்பு தீண்டி இறந்தாள். இவள் இறையருளால் நம் வழியே தோன்றியவள். ஆகவே எமக்கு மகள் முறை என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். வேதாளக் கதையில் விக்கிரமன் சொன்ன அதே நியாயந்தான். உயிர்க்கடன் மணத்தால் தீர்க்கக்கூடிய கடன் அன்று. பெற்றவர்கள் உயிரைக் கைம்மாறு கருதிக் கொடுப்பதில்லை அல்லவா? ‘பாதி நாடும் இளவரசியும்’ என்று ஐரோப்பியக் கதைகள் ஒன்றாகக் கட்டித் தரும் பரிசைப்போலத்தான் சிவநேசர் மகளையும் செல்வத்தையும் சேர்த்து வைத்தார். பெற வேண்டியவர் வேண்டாம் என்றதும் அந்தக் கணக்கே குலைந்துவிடுகிறது.

ஆகவே ஐரோப்பியக் கதைகள் தீயவை, நம் கதைகள் நல்லவை என்று முடிவுகட்டலாமா? கூடாது. மந்தாரவதி யாருக்கு உரியவள் என்று வேதாளமும் அரசனும் மூன்று இளைஞர்களும் வழக்காடுகிறார்கள்; எதிரே உயிரோடு நிற்கும் மந்தாரவதியை ஒருவரும் கேட்கவில்லை. பூம்பாவையின் கதையிலும், ஒருவருக்கென்று வைத்திருந்த பெண்ணை வேறொருவருக்குத் தருவதில்லை என்று தந்தையே தீர்மானிக்கிறார். அவள் கன்னிமாடத்தில் வாழ்ந்து சிவனடி சேர்கிறாள். அது அவளது பக்தி என்கிறது புராணம். அவள் விருப்பம் என்ன என்று தனியே கேட்கப்படவில்லை. தாலியா முதல் பூம்பாவை வரை அனைத்துக் கதைகளுக்கும் பொதுவான இடைவெளி இதுதான்.

திருமணத்தை முடிவாக வைக்காத மரபும் நம்மிடம் உண்டு. சிலப்பதிகாரம் கண்ணகி, கோவலன் திருமணத்தோடு தொடங்குகிறது. பன்னிரண்டு வயதுப் பெண்ணும் பதினாறு வயது ஆணும் வாழ்த்துகளோடு மணக்கோலத்தில் நிற்கும் காட்சி அங்கே முதற்காதையிலேயே வந்துவிடுகிறது. மற்றக் கதைகள் திரையைப் போடும் இடத்தில் இளங்கோவடிகள் திரையை விலக்குகிறார். மணநாளின் மகிழ்ச்சி பின்வரும் எதற்கும் உத்தரவாதம் இல்லை என்று சொல்ல அவருக்கு ஒரு காப்பியமே தேவைப்பட்டது.

கதைகள் உண்மையிலேயே குழந்தைகளை மாற்றுகின்றனவா என்ற ஐயம் எழுவது நியாயமே. அமெரிக்காவில் சாரா காய்ன் தலைமையில் நடந்த ஆய்வொன்று 2016இல் வெளிவந்தது. 198 சிறு குழந்தைகளை ஆராய்ந்து, இளவரசிக் கதைகளிலும் பொம்மைகளிலும் அதிகம் ஈடுபட்டவர்கள் ஓராண்டுக்குப் பின் பெண்மை பற்றிய வழக்கமான அச்சில் கூடுதலாகப் பொருந்தினர் என்று அது கூறியது. அதே ஆய்வாளர் குழு 2021இல் வெளியிட்ட தொடராய்வோ, ஐந்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது, சிறுவயதில் இளவரசிக் கதைகளில் தோய்ந்த குழந்தைகள் ஆண், பெண் பற்றிச் சற்றே முற்போக்கான எண்ணம் கொண்டிருந்ததாகக் கூறியது. இரண்டும் தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, காரணத்தை நிறுவவில்லை. இளவரசி வந்துவிட்டாள், மகள் கெட்டுவிடுவாள் என்று பெற்றோர் பதறத் தேவையில்லை என்பதற்கு இது போதும்.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஆஸ்திரேலியாவின் பிரான்வின் டேவிஸ் 1989இல் நூலாக வெளியிட்ட ஆய்வு. அவர் பள்ளி செல்லும் முன்னான பருவக் குழந்தைகளுக்குப் பெண்ணியக் கதைகளைப் படித்துக் காட்டினார். அவற்றுள் ஒன்று ‘காகிதப் பை இளவரசி’. உடைகள் எரிந்துபோக, காகிதப் பையை உடுத்திக்கொண்டு, டிராகனை ஏமாற்றி இளவரசனை மீட்கிறாள் எலிசபெத். அவனோ அவளது அழுக்குக் கோலத்தைக் குறைசொல்கிறான். அவள் அவனை மணக்க மறுத்துவிடுகிறாள். கேட்ட குழந்தைகளில் பலர் அவளைக் கதையின் தலைவியாகக் காணவே இல்லை. முதலில் குளித்து நல்ல உடை உடுத்தியிருக்க வேண்டும், தவறு அவள்மீதுதான் என்பதே அவர்கள் எண்ணம். முன்பு கேட்ட நூறு கதைகளின் விதியைக்கொண்டு அவர்கள் இந்தப் புதுக்கதையைத் திருத்திப் படித்தார்கள். புத்தகத்தை மாற்றினால் போதும் என்று நம்புவோர் இதனை நினைவில் வைக்க வேண்டும். குழந்தை எந்த விதியோடு கேட்கிறது என்பது பேசினால்தான் தெரியும்.

பேசிப் பார்ப்பதும் கடினமன்று. அடையாற்றில் நான் வசிக்கும் குடியிருப்பில் விடுமுறை நாள்களில் சில குழந்தைகளுக்குக் கதை சொல்வதுண்டு. உறங்கும் அழகியைச் சொல்லிவிட்டு மூன்று கேள்விகள் கேட்பேன். அவள் கண்விழித்ததும் முதலில் என்ன சொல்லியிருப்பாள்? அவளை எழுப்பியது ஒரு மூதாட்டியாக இருந்தால் அவள் என்ன தந்திருப்பாள்? திருமணத்துக்கு மறுநாள் காலை என்ன நடந்தது? முதற்கேள்விக்கு எட்டு வயதுப் பெண் ஒருத்தி, “நீங்க யாருன்னு கேட்டிருப்பா, தாத்தா” என்றாள். அவள் தம்பியோ, “அதான் காப்பாத்திட்டாரே, அப்புறம் எதுக்குக் கேக்கணும்?” என்றான். ஒரே வீட்டில் ஒரே கதையைக் கேட்டு வளரும் இருவர்.

இரண்டாம் கேள்விதான் விதியை வெளிப்படுத்தும் கேள்வி. மூதாட்டிக்கு நன்றி, பொன், விருந்து என்று சொல்லும் குழந்தை, இளவரசனுக்கு மட்டும் பெண்ணையே தருவானேன் என்று ஒரு கணம் நின்று யோசிக்கும். அந்தத் தயக்கம் வராவிட்டால், விதி ஆழப் பதிந்துவிட்டது என்று கொள்ளலாம். அப்போது அறிவுரை பயன் தராது. அடுத்த முறை மந்தாரவதியின் கதையைச் சொல்லி, விக்கிரமனின் விடை சரியா என்று கேளுங்கள். அதன் பின் பூம்பாவையின் கதையைச் சொல்லுங்கள். உயிர் கொடுத்தும் உரிமை கோராத ஒருவர் இருக்க முடியும் என்று அறிந்த சிறுவனுக்கு, மறுப்பு ஒரு நாள் அவமானமாகத் தோன்றாமல் இருக்க வாய்ப்புண்டு. சிறுமிகளுக்கோ, எழுந்தவுடன் “நீங்க யாரு?” என்று கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்பது தெரிந்திருக்கும்.